ஏழாம் எண் கலத்தில் பழுது எந்தத் தட்டில்: மூன்றாம் மின்முனை வைத்துப் பார்த்த பதிவு

கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றைத் தங்குமிடமாக நடத்தி வருகிறார்கள். அந்த வீட்டின் இரண்டாம் கட்டை ஒட்டிய அறையில் சூரிய மின்சாரத்துக்கான பன்னிரண்டு ஈய அமிலக் கலங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 2 வோல்ட், பத்து மணி நேரக் கணக்கில் 300 ஆம்பியர் மணி கொள்ளளவு கொண்ட டியூபுலர் வகை. சில மாதங்களாக இரவு பதினொரு மணிக்கே இன்வெர்ட்டர் ஓசை எழுப்பி நின்றுவிடுகிறது என்று சொல்லி வீட்டு ஆச்சி என்னை அழைத்திருந்தார். கலங்களை ஒவ்வொன்றாக அளந்தபோது, பதினொன்று ஒன்றுபோல் இருக்க, ஏழாம் எண் கலம் மட்டும் சுமையில் முன்னதாகவே சரிவதும், சார்ஜ் ஏறும்போது மற்றவை 2.60 வோல்ட்டைத் தொட்ட பிறகும் அது 2.40க்கு மேல் ஏறாமல் நிற்பதும் தெரிந்தது. எனக்கு முன்பு வந்து பார்த்தவர் “நேர்த்தட்டு உதிர்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது” என்று சொல்லிச் சென்றிருந்தார். ஆச்சி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “தம்பி, பன்னிரண்டையும் மாத்தணுமா, இது ஒண்ணு மட்டுந்தானா?”

கலத்தின் இரு முனைகளுக்கு இடையில் மட்டும் அளந்துகொண்டு இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. நாம் படிக்கும் 2.40 என்ற எண், நேர்த்தட்டின் மின்னழுத்தத்திலிருந்து எதிர்த்தட்டின் மின்னழுத்தத்தைக் கழித்து வந்த மீதி. அது 0.20 வோல்ட் குறைவாக இருக்கிறதென்றால் நேர்த்தட்டு அவ்வளவு கீழே நிற்கலாம், எதிர்த்தட்டு அவ்வளவு மேலே நிற்கலாம், இரண்டும் ஆளுக்குப் பாதி விட்டிருக்கலாம். நேர்த்தட்டு மூப்பால் உதிர்ந்தது என்றால் ஒரே நாளில் வாங்கிய மற்றப் பதினொன்றும் அதே பாதையில் பின்தொடரும். எதிர்த்தட்டில் ஏதோ கலந்து கெட்டது என்றால் அது அந்த ஒரு கலத்தின் தனிக்கதை. ஆகவே இரண்டு தட்டுகளையும் பிரித்து அளக்க, மூன்றாவதாக ஒரு மின்முனையை அமிலத்துக்குள் இறக்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

தொடங்குமுன் சொல்வழக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பாடநூல்களில் ஆனோடுக்கு நேர்மின்வாய் என்றும் கேதோடுக்கு எதிர்மின்வாய் என்றும் படித்திருக்கிறோம். மின்னாற்பகுப்புக்கு அது பொருந்தும். ஆனால் கலம் மின்சாரத்தைக் கொடுக்கும்போது ஆக்சிஜனேற்றம் நடக்கும் ஆனோடு என்பது கழித்தல் குறியிட்ட ஈயத் தட்டுதான். சார்ஜ் ஏற்றும்போது அதே தட்டு கேதோடாக மாறிவிடுகிறது. இந்தக் குழப்பத்தால் ஒருமுறை நானே குறிப்பேட்டில் இரண்டு பத்திகளையும் மாற்றி எழுதியிருக்கிறேன். எனவே இங்கு கூட்டல் குறியிட்ட ஈய டையாக்சைடுத் தட்டை எப்போதும் நேர்த்தட்டு என்றும், கழித்தல் குறியிட்ட கடற்பஞ்சு ஈயத் தட்டை எப்போதும் எதிர்த்தட்டு என்றும் சொல்கிறேன். எது எப்போது ஆனோடு என்பதை மின்னோட்டத்தின் திசை சொல்லும்.

மூன்றாம் மின்முனையாக நான் எடுத்துக்கொண்டது காட்மியம் குச்சி. ஈய அமிலக் கலங்களைச் சோதிக்கப் பல தலைமுறைகளாகப் பயன்பட்டு வருவது இது. பாதரச சல்பேட்டு மின்முனை இதைவிட நிலையானது என்றாலும் ஓர் ஊர்ப் பழுதுபார்ப்பவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. பள்ளி ஆய்வகங்களில் கிடைக்கும் வெள்ளி குளோரைடு மின்முனையை வாங்கித் தருவதாக ஒரு நண்பர் சொன்னார். அதை வேண்டாம் என்று மறுத்தேன். அதற்குள் இருக்கும் குளோரைடு உப்புக்கரைசல் சிறிதளவு கசிந்தாலும் நேர்த்தட்டின் ஈயக் கம்பிகளை அரிக்கும். நோயைப் பார்க்கப் போய் நாமே புது நோயைக் கொடுத்ததாகிவிடும். மின்முலாம் பட்டறையில் வேலை பார்த்த ஒருவரிடம் இருந்த காட்மியத் துண்டிலிருந்து விரல்நீளக் குச்சி ஒன்று கிடைத்தது. காட்மியம் நஞ்சு என்பதால் அதை அரத்தால் தேய்க்கவோ உப்புத்தாள் போடவோ கூடாது. கையுறை அணிந்து, துளைகள் இட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றுக்குள் குச்சியைச் செருகி, மேல் முனையில் கம்பியை இறுக்கி, அந்த இணைப்பு அமிலத்தைத் தொடாதபடி மெழுகால் மூடினேன். பிறகு ஒரு நாள் முழுவதும் நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவிட்டேன். ஊறாத குச்சி முதல் அரை மணி நேரம் தன் விருப்பப்படி அலையும், அதை நம்பி எதையும் எழுத முடியாது.

மூன்றாம் மின்முனையின் வேலை, தன் வழியாக மின்னோட்டம் ஏதும் போகவிடாமல் ஓர் இடத்தில் நிலையாக நின்று, மற்ற இரண்டையும் அளக்க ஓர் அடிக்கோடாக இருப்பது. அதனால் அதனுடன் இணைக்கும் மீட்டரும் மின்னோட்டத்தை இழுக்காததாக இருக்க வேண்டும். இன்றைய டிஜிட்டல் மல்டிமீட்டர்களின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம். அதில் கவலை இல்லை. முள் நகரும் பழைய மீட்டர் ஒன்றில் சோதித்தபோது குச்சியின் மின்னழுத்தம் மெல்லச் சரிந்துகொண்டே போவது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த மீட்டர் இழுக்கும் சில பத்து மைக்ரோஆம்பியர்கூடச் சிறு குச்சிக்குச் சுமைதான்.

எழுதிக்கொள்ள வேண்டிய கணக்கு இவ்வளவுதான்:

```
V_cell = E_pos - E_neg
```

இதில் `E_pos` என்பது காட்மியத்தை ஒப்பிட்டு நேர்த்தட்டின் அளவு, `E_neg` என்பது எதிர்த்தட்டின் அளவு. மீட்டரின் கறுப்பு முனை எப்போதும் காட்மியத்தில், சிவப்பு முனை தட்டில். மூன்று அளவுகளையும் தனித்தனியே எடுத்துக் கழித்துப் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் எங்கோ பிழை. சார்ஜின் முடிவில் எதிர்த்தட்டின் அளவு பூச்சியத்தைக் கடந்து கழித்தல் எண்ணாக மாறும். அந்தச் சிறு கோட்டை எழுத மறந்தால் 2.43லிருந்து 0.17 போய் 2.26 என்று வரும், மீட்டரோ 2.60 காட்டும். குறிப்பேட்டில் இந்தச் சரிபார்ப்பு அத்தகைய பிழையை உடனே காட்டிக் கொடுக்கும்.

ஆனால் அது எதைக் காட்டிக் கொடுக்காது என்பதைத்தான் நான் தாமதமாகக் கற்றேன். காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, “கழித்தல் சரியா வருதுன்னு குச்சியை நம்பிடாதீங்க தம்பி. குச்சி அம்பது மில்லிவோல்ட் நகர்ந்தாலும் உங்க கழித்தல் சரியாத்தான் வரும்” என்றார். யோசித்தால் உண்மை. குச்சி நகர்ந்தால் இரண்டு தட்டுகளின் அளவும் ஒரே அளவுக்கு ஒரே திசையில் நகரும். கழிக்கும்போது அது மறைந்துவிடும். குச்சியின் நிலையைச் சோதிக்க வேறு வழி வேண்டும். நான் செய்தது இது: நல்ல கலம் என்று தெரிந்த ஆறாம் எண்ணின் எதிர்த்தட்டை, கலம் ஓய்விலிருக்கும்போது, ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் பின்பும் இதே குச்சியால் அளந்து வைத்தேன். முன்பு 0.13, பின்பு 0.14 வோல்ட் வந்தது. அப்படியென்றால் என் குச்சியை வைத்துக்கொண்டு 10, 20 மில்லிவோல்ட் வேறுபாடுகளைப் பற்றி வாதம் செய்ய எனக்கு உரிமை இல்லை. நான் தேடியது 200 மில்லிவோல்ட் என்பதால் இது போதுமானதாக இருந்தது.

அறையின் தரை ஆத்தங்குடிக் கல். அது சிமெண்டில் வார்த்த கல் என்பதால் ஒரு சொட்டு அமிலம் பட்டாலும் பொங்கி, வண்ணம் போய், தழும்பு நிரந்தரமாகிவிடும். கலங்களின் கீழும் நான் உட்காரும் இடத்திலும் தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து, குச்சியை ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது அடியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொண்டு, சமையல் சோடா கரைத்த நீரை ஒரு வாளியில் பக்கத்தில் வைத்திருந்தேன். சார்ஜின்போது ஹைட்ரஜன் எழும் என்பதால் கதவும் சன்னலும் திறந்திருக்க, எந்தக் கிளிப்பையும் மின்னோட்டம் ஓடும்போது மாட்டவோ கழற்றவோ இல்லை.

சுமைக்கு 24 வோல்ட் லாரி முகப்பு விளக்கு பல்புகள் பத்தை இணையாகக் கட்டினேன். ஒன்று 70 வாட் என்பதால் பத்தும் சேர்ந்து ஏறக்குறைய 30 ஆம்பியர் இழுக்கும்; மின்னழுத்தம் சரியும்போது இழையும் குளிர்ந்து தடை குறைவதால் மின்னோட்டம் பெரிதாக மாறாது. அதை 50 ஆம்பியருக்கு 75 மில்லிவோல்ட் தரும் ஷன்ட் ஒன்றில் கண்காணித்தேன். 45 மில்லிவோல்ட் என்றால் 30 ஆம்பியர்.

முழு சார்ஜ் ஏற்றி ஒரு இரவு ஓய்வு விட்ட பிறகு, ஆறாம் கலம் 2.08 வோல்ட்: நேர்த்தட்டு 2.21, எதிர்த்தட்டு 0.13. ஹைட்ரோமீட்டரில் அதன் அமிலம் 1.240. ஏழாம் கலம் 2.05: நேர்த்தட்டு 2.19, எதிர்த்தட்டு 0.14, அமிலம் 1.210. அமிலத்தின் அடர்த்தி எண்ணோடு 0.84ஐக் கூட்டினால் ஓய்வு மின்னழுத்தம் ஏறக்குறைய வரும் என்பது பழைய கணக்கு. இரண்டு கலங்களும் அதற்கு ஒத்துப்போயின. அதாவது ஓய்வில் ஏழாம் கலம் சார்ஜ் நிறையாத ஒரு கலமாகவே தெரிகிறது. எந்தத் தட்டு நோயாளி என்று ஓய்வு அளவு சொல்லாது.

பல்புகளை எரியவிட்டு ஒரு நிமிடம் கழித்து அளந்தேன். ஆறாம் கலம் 2.02, நேர்த்தட்டு 2.17, எதிர்த்தட்டு 0.15. ஏழாம் கலம் 1.91, நேர்த்தட்டு 2.08, எதிர்த்தட்டு 0.17. பார்த்த மாத்திரத்தில் எனக்கு முன்பு வந்தவர் சொன்னதே சரி என்று தோன்றியது. இரண்டு கலங்களுக்கும் நடுவே 0.11 வோல்ட் வேறுபாடு, அதில் 0.09 நேர்த்தட்டின் பக்கம். அன்றைக்கு அத்தோடு எழுந்து வந்திருந்தால் தவறான தட்டின்மேல் பழியைப் போட்டிருப்பேன்.

உறுத்தியது ஒன்றுதான். சுமை கொடுத்த முதல் நொடியிலேயே அந்த 0.09 முழுதாக வந்துவிட்டது, பிறகு நிமிடங்கள் போனாலும் கூடவில்லை. தட்டுக்குள் நடக்கும் வேதிவினையின் தாமதமும் அமிலம் துளைகளுக்குள் பரவும் தாமதமும் நேரத்தோடு வளரும். உடனே வந்து உடனே போவது உலோகத்தின் தடை, அமிலத்தின் தடை போன்றவை. ஆகவே சுமைச் சுவிட்சை அணைத்து, அணைத்த நொடியில் நேர்த்தட்டின் அளவைப் பார்த்தேன். ஆறாம் கலத்தில் 10 மில்லிவோல்ட் தாவியது; ஏழாம் கலத்தில் 70. ஐந்து பல்புகளை மட்டும் எரியவிட்டு மறுபடி அணைத்தபோது அந்தத் தாவல் ஏறக்குறையப் பாதியானது. மின்னோட்டம் பாதியானால் தானும் பாதியாகும் இழப்பு வெறும் தடைதான்.

சிவப்பு முனையை நான் எங்கே வைத்திருந்தேன் என்று அப்போதுதான் கவனித்தேன். ஏழாம் கலத்தின் நேர்முனையை ஆறாம் கலத்தோடு இணைக்கும் பட்டையின்மேல், போல்ட்டின் தலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அதை எடுத்து, பட்டைக்கு அடியில் தெரியும் ஈயக் குமிழிலேயே ஊன்றிப் பிடித்தபோது 2.08 என்றிருந்தது 2.14 ஆயிற்று. இடையில் காணாமல்போன 60 மில்லிவோல்ட், 30 ஆம்பியரில் 2 மில்லிஓம். ஒழுங்கான 300 ஆம்பியர் மணிக் கலத்தின் முழு உள்தடையே ஒரு மில்லிஓமுக்குக் குறைவாக இருக்கும்போது, ஒரு போல்ட் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தின்றுகொண்டிருந்தது. மூன்றாம் மின்முனை தட்டுகளைப் பிரித்துத் தரும் என்கிறோம். உண்மையில் அது மீட்டரின் முனை தொடும் இடத்துக்கும் குச்சிக்கும் நடுவே உள்ள எல்லாவற்றையும் ஒரு தட்டின் கணக்கில் எழுதிவிடுகிறது. தளர்ந்த போல்ட்டும் அதில் நேர்த்தட்டாகவே தெரியும். குமிழின் ஈயத்தைத் தொடாமல் எடுத்த எந்த அளவையும் இப்போது நான் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை.

இதே காரணத்தால் குச்சியை அமிலத்தில் எங்கே நிறுத்துவது என்ற கேள்வியும் எழும். ஆய்வகத்தில் கட்டும் கலத்தில் அதை இரண்டு தட்டுகளுக்கும் நடுவே நுனி படும்படி வைக்க முடியும். இங்கு வென்ட் மூடியின் துளை வழியே, தட்டுகளுக்கு மேல் நிற்கும் அமிலத்தில்தான் இறக்க முடிகிறது. தட்டுகளுக்கு இடையிலான அமிலத் தடையால் விழும் மின்னழுத்தத்தில் எவ்வளவு யாருடைய கணக்குக்குப் போகிறது என்பது அங்கிருந்து துல்லியமாகத் தெரியாது. ஆனால் கலத்தின் மொத்தத் தடை இழப்பே 30 ஆம்பியரில் 20 மில்லிவோல்ட் அளவில்தான் என்பதால், எப்படிப் பங்கிட்டாலும் பிழை அதற்குள் அடங்கும். பெரிய மின்னோட்டத்தில் இந்தச் சலுகை கிடைக்காது.

குச்சியே தவறான எண் தந்த தருணங்கள் இரண்டு. ஒருமுறை ஆறாம் கலத்தின் எதிர்த்தட்டு அளவு திடீரென்று 0.00 ஆகி, சுமையைக் கூட்டினாலும் குறைத்தாலும் அசையாமல் நின்றது. குழாயின் துளை வழியே குச்சி சாய்ந்து எதிர்த்தட்டின் மேல்பட்டையைத் தொட்டிருந்தது. குழாயைத் திருப்பி நிமிர்த்தியதும் சரியாயிற்று. இன்னொரு முறை அளவு தாறுமாறாகத் துள்ளி, என் கை கம்பிக்கு அருகே போனாலே மாறியது. சார்ஜின் குமிழிகள் குழாய்க்குள் தேங்கி அமிலத்தோடு தொடர்பை அறுத்திருந்தன. குழாயை இரண்டு தட்டு தட்டிக் குமிழியை வெளியேற்றினேன்.

போல்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்கிய பிறகு, மறுநாள் முழு வெளியேற்றச் சோதனையைத் தொடங்கினேன். போல்ட்டைக் கழற்றும்போது ஒன்றைக் கவனித்தேன். மற்ற எல்லாக் குமிழ்களிலும் இருந்த ஸ்பிரிங் வாஷர் இந்த ஒன்றில் மட்டும் இல்லை. அப்போது அதைப் பெரிதாக எண்ணாமல் புதிதாக ஒன்று போட்டு முடுக்கிவிட்டேன்.

முதல் இரண்டு மணி நேரம் இரண்டு கலங்களும் அருகருகே நடந்தன. நான்காம் மணியில் ஆறாம் கலம் 1.96: நேர்த்தட்டு 2.13, எதிர்த்தட்டு 0.17. ஏழாம் கலம் 1.80: நேர்த்தட்டு 2.09, எதிர்த்தட்டு 0.29. நான்கு மணி நாற்பது நிமிடத்தில் ஏழாம் கலம் 1.75ஐத் தொட்டது, நேர்த்தட்டு 2.08, எதிர்த்தட்டு 0.33. அதே நேரத்தில் ஆறாம் கலம் 1.95, அதாவது 2.12க்கு 0.17. இரண்டு கலங்களுக்கும் நடுவே இருந்த 0.20 வோல்ட்டில் நேர்த்தட்டின் பங்கு 0.04, எதிர்த்தட்டின் பங்கு 0.16. நேர்த்தட்டின் அந்தச் சிறு குறைவுக்கும் அமிலம் நீர்த்திருப்பதே போதிய காரணம். கலம் கொடுத்தது 140 ஆம்பியர் மணி. அதற்கு மேல் கொடுக்க முடியாமல் கைவிட்டது எதிர்த்தட்டு. நேர்த்தட்டில் இன்னும் சரக்கு இருந்தது.

எதிர்த்தட்டு முன்னதாகத் தீர்ந்துபோக இரண்டு காரணங்கள் இருக்கலாம். அதன் ஈயம் கெட்டியான சல்பேட்டாக இறுகி, சார்ஜுக்குக் கரையாமல் இருக்கலாம். அல்லது ஈயம் நன்றாக இருந்தும், ஏற்றும் மின்சாரம் அதைச் சேராமல் வேறு வேலைக்குப் போகலாம். வெளியேற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சார்ஜில் நேரெதிராகத் தெரியும். இறுகிய சல்பேட்டு மின்னோட்டத்தை ஏற்க மறுப்பதால், ஏற்றத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே எதிர்த்தட்டு ஆழமான கழித்தல் எண்ணுக்கு இறங்கிவிடும், கலத்தின் மின்னழுத்தம் வழக்கத்துக்கு மேல் ஏறும். இரண்டாவது வகையில் எதிர்த்தட்டு கீழே இறங்கவே இறங்காது.

மீண்டும் ஏற்றி, கடைசியில் 15 ஆம்பியரில் நிறுத்தி, மூன்று மணி நேரம் அளவுகள் அசையாத வரை காத்திருந்தேன். ஆறாம் கலம் 2.60: நேர்த்தட்டு 2.43, எதிர்த்தட்டு −0.17. ஏழாம் கலம் 2.40: நேர்த்தட்டு 2.41, எதிர்த்தட்டு +0.01. குறைந்த 0.20 வோல்ட்டில் 0.18 எதிர்த்தட்டுடையது. ஏழாம் கலத்தின் அமிலத்தில் குமிழிகளும் மற்றவற்றைவிட முன்னதாகவே எழத் தொடங்கியிருந்தன. இதன் பொருள் தெளிவு. தூய ஈயத்தின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் எளிதில் பிறக்காது. அந்தத் தயக்கம்தான் எதிர்த்தட்டை −0.17 வரை தள்ளிக்கொண்டுபோய், சல்பேட்டு முழுவதும் ஈயமாக மாற இடம் தருகிறது. ஈயத்தின்மேல் ஹைட்ரஜனை எளிதில் பிறக்கவிடும் வேறோர் உலோகம் படிந்துவிட்டால், ஏற்றும் மின்சாரம் அந்தக் குறுக்கு வழியில் ஹைட்ரஜனாக ஓடிப்போகும். எதிர்த்தட்டு பூச்சியத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும், சல்பேட்டில் ஒரு பகுதி மாறாமலேயே தங்கும்.

எந்த உலோகம் என்று மூன்றாம் மின்முனை சொல்லாது. டியூபுலர் வகையில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது ஆன்டிமனி. நேர்த்தட்டின் ஈயக் கம்பிகளில் கலந்திருப்பது, அரிப்பில் கரைந்து எதிர்த்தட்டில் வந்து படிவது. ஆனால் அது மூப்போடு பன்னிரண்டு கலங்களுக்கும் பொதுவாக வர வேண்டிய நோய். எஞ்சிய பத்துக் கலங்களையும் சார்ஜ் முடிவில் குச்சி வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றின் எதிர்த்தட்டும் −0.15க்கும் −0.18க்கும் நடுவே இருந்தது. ஆகவே ஏழாம் கலத்துக்குள் மட்டும் ஏதோ விழுந்திருக்க வேண்டும். காணாமல்போன ஸ்பிரிங் வாஷர் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வென்ட் துளை வழியே டார்ச் அடித்து, தட்டுகளின் மேலுள்ள துளையிட்ட பிளாஸ்டிக் காப்பின் ஓரத்தைத் தேடினேன். கறுத்த வண்டலுக்குள் வளைவாக ஒன்று தெரிந்தது. பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்தபோது கையில் வந்தது பாதி கரைந்த வாஷர். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி அதை அமிலத்துக்கும் அசையாதது என்று எண்ணிவிடக் கூடாது. வெதுவெதுப்பான கந்தக அமிலத்தில் அது மெல்லக் கரையும். கரைந்தால் அதிலிருந்து நிக்கலும் இரும்பும் வெளிவரும். நிக்கல் ஹைட்ரஜனுக்கு வழி திறந்துவிடும். இரும்பு ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்கு ஓடி ஓடி, கலம் சும்மா இருக்கும்போதும் சார்ஜைத் தின்னும். யாரோ எப்போதோ அமில மட்டம் பார்க்க மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அதே கையோடு பக்கத்துப் போல்ட்டையும் கழற்றியிருக்கிறார்கள். போல்ட் தளர்ந்ததற்கும் எதிர்த்தட்டு கெட்டதற்கும் அந்த ஒரு வாஷரே காரணம்.

கலத்தை முழுதாக ஏற்றி, அமிலத்தைக் கை பம்பால் உறிஞ்சி எடுத்து, 1.240 அடர்த்தியுள்ள புதிய அமிலத்தை உடனே நிரப்பினேன். சார்ஜ் நிறைந்த எதிர்த்தட்டைக் காற்றுபடத் திறந்து வைத்தால் அது சூடேறி ஆக்சைடாகிவிடும் என்பதால் இதில் நிமிடங்கள் முக்கியம். தட்டுகளின் துளைகளுக்குள் பழைய அமிலம் தங்கியிருக்கும், ஆகவே ஒரு வாரம் கழித்து இன்னொரு முறையும் மாற்றினேன். எடுத்த அமிலத்தை மூடிய கேனில் பழைய பேட்டரி எடுப்பவரிடமே ஒப்படைத்தேன். பிறகு 6 ஆம்பியர் என்ற மெதுவான ஏற்றத்தில் இரண்டு நாள் விட்டேன். மின்னோட்டம் குறைவாக இருந்தால் எதிர்த்தட்டு ஆழமாக இறங்கத் தேவையில்லாமலேயே சல்பேட்டு மாறும், ஹைட்ரஜனுக்குப் போகும் பங்கு குறையும்.

இதன் பிறகு 15 ஆம்பியரில் சார்ஜ் முடிவு அளவு: நேர்த்தட்டு 2.43, எதிர்த்தட்டு −0.09, கலம் 2.52. வெளியேற்றத்தில் ஐந்து மணி ஐம்பது நிமிடம் தாங்கியது, 175 ஆம்பியர் மணி. அப்போதும் முதலில் கைவிட்டது எதிர்த்தட்டுதான். கரைசலில் இருந்த நிக்கலை அமிலத்தோடு வெளியேற்ற முடிந்தது. ஈயத்தின்மேல் ஏற்கெனவே படிந்ததை அப்படி எடுக்க முடியவில்லை. இன்னும் இரண்டு சுற்று ஏற்றி இறக்கிய பிறகும் −0.09 என்பது −0.10க்கு மேல் நகரவில்லை என்பதால், இந்தக் கலத்தை வரிசையில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னேன்.

ஆச்சியிடம் அவர் கேட்ட கேள்விக்கான விடையைச் சொன்னேன்: ஒன்று மட்டும் மாற்றினால் போதும். மற்றப் பதினொன்றில் நேர்த்தட்டுகள் வெளியேற்றத்தின் கடைசியிலும் 2.10க்குக் கீழே போகவில்லை, எதிர்த்தட்டுகள் சார்ஜ் முடிவில் இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்குகின்றன. புதிய கலம் வந்து, மூன்று முறை ஏற்றி இறக்கிய பிறகு அதே குச்சியால் அளந்தேன். சார்ஜ் முடிவில் 2.62: நேர்த்தட்டு 2.43, எதிர்த்தட்டு −0.19. அந்த மூன்று எண்களையும் நாளையும் மின்னோட்டத்தையும் அழியாத மையில் கலத்தின் மூடிமேல் எழுதி, மற்றப் பதினொரு மூடிகளிலும் அவற்றுக்குரிய எண்களை எழுதி வைத்திருக்கிறேன். குச்சி இப்போது மூடியிட்ட கண்ணாடிக் குப்பியில் நீர்த்த அமிலத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது.